"11 பேருக்கு அனுப்பாவிட்டால்...!"
ஆச்சியின் பயத்தைத் தீர்க்க ஒரு நிமிடப் படம்

மும்பை தாராவியில் தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய ஒரு சந்து. அங்கு வசிக்கும் நெல்லைக்கார ஆச்சி ஒருவர், இரவு 11 மணிக்குப் பேரனைத் தட்டி எழுப்பினார்.

"ஏல, இன்னும் நாலு பேருக்கு அனுப்பணும். யாரு நம்பர்ல இருக்கு?"

வாட்ஸ்-அப்பில் அம்மன் படம் வந்திருந்தது. கூடவே ஒரு மிரட்டல்: 11 பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி, அனுப்பாவிட்டால் வீட்டில் கெட்டது நடக்கும். 7 பேருக்கு அனுப்பியாகிவிட்டது. எட்டாவது பெயர் தங்கை மகள். அவளுடைய கணவர் ஆஸ்பத்திரியில். அவளுக்கா இதை அனுப்புவது? ஆச்சியின் விரல் நின்றுவிட்டது.

முன்பு தபால் கார்டில் வந்த அதே வியாதிதான் இது. அன்று கார்டுக்குக் காசு செலவு. இன்று அதுவும் இல்லை.

குமாஸ்தாவான பேரன், நண்பனுடன் சேர்ந்து செல்போனில் ஒரு படம் எடுத்தார். மிரட்டல் செய்தியை முழுதாகக் காட்டி, அதன்மேல் சிவப்புக் கோடு போட்டு, "மூடநம்பிக்கை" என்று எழுதினார். முடிவில், "எல்லோருக்கும் அனுப்புங்கள்" என்று வேறு!

ஆச்சி பார்த்தார். "சாமியவா கேலி பண்ணுதிய?" என்று போனைக் கவிழ்த்துவிட்டார்.

கோபத்தில் நியாயம் உண்டு. அனுப்புகிறவர் முட்டாள் அல்ல. சொந்தக்காரர்களுக்குக் கெட்டது வரக்கூடாதே என்று பயப்படுகிறவர். அதோடு, செய்தியை முழுதாகக் காட்டினால், யாராவது அதை மட்டும் வெட்டியெடுத்து மறுபடி சுற்றில் விடலாம்.

இரண்டாவது படம்

இந்த முறை ஆச்சியே நடித்தார். அம்மன் படத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார். மிரட்டல் திரையில் தெரிவதில்லை. அதைப் படிக்கும் முகம் மட்டும் தெரிகிறது. விரல் பெயர்களின் மேல் நகர்ந்து, தங்கை மகளிடம் வந்து நிற்கிறது.

பேரன் வாதம் செய்வதில்லை. புளியங்கொட்டைகளைப் பரப்புகிறார். ஒருவர் 11 பேருக்கு, அந்த 11 பேரும் ஆளுக்கு 11 என்றால் 121, அடுத்து 1,331. இப்படியே போனால் ஆறாவது சுற்றில் 17,71,561 பேர்!

"இத்தனை பேர்ல யாருக்காவது காய்ச்சல் வராம இருக்குமா ஆச்சி? வந்தவன் சொல்லுவான். ஒண்ணும் ஆகாதவன் எதைச் சொல்லுவான்?"

ஆச்சி போனைக் காதில் வைக்கிறார். "ஏ புள்ள, மாப்பிள்ளைக்கு எப்படி இருக்கு? நீ சாப்பிட்டியா?" அத்துடன் படம் முடிகிறது. அனுப்பச் சொல்லும் வாசகம் இல்லை.

வாட்ஸ்-அப் நிறுவனமும் 2019-ல், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி தடுத்தது. பல கை மாறி வந்த செய்தியில் இரட்டை அம்புக்குறி தெரியும். அதை ஒரு தடவைக்கு ஓர் இடத்துக்கே அனுப்பலாம் என 2020-ல் கட்டுப்பாடு வந்தது. ஆனால் பயந்தவர் ஒவ்வொருவராக 11 தடவை அனுப்பத்தான் செய்வார். படம் பார்த்த சந்துக்காரர்கள் சிலர் இன்னமும் அனுப்புகிறார்கள்.

ஆச்சியும் வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மன் படம் அனுப்புகிறார். அனுப்புமுன், அடியிலுள்ள மிரட்டல் வரியை வெட்டிவிடப் பேரனைக் கூப்பிடுகிறார்.