விடுதி மாணவரின் வார அட்டவணை

விடுதியில் சேர்ந்த முதல் வாரம் மாணவர்கள் எழுதி ஒட்டும் கால அட்டவணை, பெரும்பாலும் புதன்கிழமைக்குள் சிதைந்துவிடுகிறது. பிள்ளையின் சோம்பலே காரணம் என்று வீட்டார் எண்ணுவர். அட்டவணையைக் கையிலெடுத்துப் பார்த்தால் வேறொன்று புலப்படும்.

திருச்சியில் பி.காம். முதலாண்டு பயிலும் விடுதி மாணவர் ஒருவர் எழுதியதைப் பார்ப்போம். நாள்தோறும் ஐந்து மணி நேரம் சுயபடிப்பு; அதில் மாலை 6 முதல் 8 வரை கணக்குப் பதிவியல். திருச்சியில் சூரியன் மறைவது நவம்பரில் 5.45 மணியை ஒட்டி. ஜூலைத் தொடக்கத்திலோ 6.40 ஆகிவிடும். மஃரிப் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நகர, அவருடைய 6 மணி மட்டும் அசையாமல் நின்றது. ஜூலையில் புத்தகத்தை விரித்து அரைமணியில் தொழுகைக்கு எழுந்தார். திரும்பி வந்து பழைய பக்கத்தைத் தேடுவதற்குள் இஷா நெருங்கிவிட்டது. பின்னர் கடிகார நேரத்தை அடித்துவிட்டு, "மஃரிப் முதல் இஷா வரை" என்று எழுதினார். அது எல்லா மாதத்துக்கும் பொருந்தும் ஒரு மணி நேரம். இஷா முடிந்தவுடன் உணவுக்கூடம். அது 9 மணிக்கு மூடப்படும், 8.50க்குச் செல்பவருக்குச் சோறு இருக்கும், குழம்பு இருக்காது!

ஐந்து மணி நேரமும் மெய்யன்று. சுப்ஹு தொழுது, ஓதி முடித்தபின் காலைச் சிற்றுண்டி வரை ஒரு மணி, மஃரிபுக்குப் பின் ஒரு மணி, இரவுணவுக்குப் பின் ஒரு மணி. மூன்றுதான் தேறிற்று. விடியற்பொழுதைக் கணக்குக்கும், அறைத்தோழர் பேசும் இரவுப்பொழுதைக் குறிப்பெடுத்து எழுதவும் ஒதுக்கினார்.

சலவையை மாணவர் எவரும் அட்டவணையில் எழுதுவதில்லை. ஞாயிறு காலை விடுதி முழுவதும் துவைகல்லருகே நிற்கும்; குழாயில் நீர் மெலியும், கொடியில் இடமிராது. ஜும்ஆவுக்குத் தூய ஆடை வேண்டுமே என்று வியாழன் மாலை துவைத்தாலோ, ஐப்பசி மழையில் வெள்ளி காலை வரை காயாது. ஆகவே புதன் அஸருக்குப் பின் வெள்ளை ஆடைகளும், கனத்த காற்சட்டைகள் சனிக்கிழமையும் எனப் பிரித்துக்கொண்டார். புதனன்று துவைத்தால் வியாழன் பகல் வெயில் முழுவதும் கிடைக்கிறது.

மன்றங்களில் அவர் மூன்றில் பெயர் கொடுத்திருந்தார். நாட்டு நலப்பணித் திட்டம் ஒன்றே ஆண்டுக்கு 120 மணி நேரம் கேட்கிறது. கல்லூரி நடைபெறும் முப்பது வாரங்களுக்குப் பங்கிட்டால் வாரம் நான்கு மணி. ஏழு நாள் சிறப்பு முகாம் இதற்குப் புறம்பு. சனிக்கிழமையின் பாதி அதற்கே சென்றது. தமிழ் மன்றத்தை வைத்துக்கொண்டு வினாடி வினா மன்றத்தை விட்டார். சரியான முடிவு என்றே கருதுகிறேன்.

ஒரே கட்டம் மூன்று வாரம் தொடர்ந்து தவறினால், மாற்ற வேண்டியது அந்தக் கட்டத்தையே. ஞாயிறு அஸருக்குப் பிந்திய கட்டத்தில் அவர் எதையும் எழுதவில்லை. அவ்வாரம் விடுபட்ட பாடம் அங்கே வந்து சேரும். எதுவும் விடுபடவில்லையெனில் உம்மாவுடன் நீண்டநேரம் தொலைபேசியில் பேசுவார்.