கடிகாரத்தை நகர்த்தினால் கரண்ட் பில் குறையுமா?

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். நவம்பரில் பழையபடி வைத்துவிடுவார்கள். மாலை வெளிச்சம் நீண்டால் விளக்கைத் தாமதமாகப் போடலாம், மின்சாரம் மிச்சமாகும் என்பது இதற்காகப் பல காலமாகச் சொல்லப்படும் காரணம். அது உண்மையா என்று வீட்டு மீட்டரை வைத்தே பார்க்க இண்டியானா மாநிலத்தில் ஒரு வாய்ப்பு அமைந்தது.

அங்குள்ள 92 கவுண்டிகளில் 15 மட்டுமே ஆண்டுதோறும் கடிகாரத்தை மாற்றிவந்தன. 2006 முதல் மாநிலம் முழுவதும் மாற்ற வேண்டும் என்று சட்டம் வந்தது. மேத்யூ காட்சன், லாரா கிராண்ட் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் தெற்கு இண்டியானா வீடுகளின் 2004 முதல் 2006 வரையிலான மின்கணக்கை எடுத்துக்கொண்டார்கள். 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதாந்திரப் பதிவுகள் கையில் இருந்தன. புதிதாக மாறிய கவுண்டிகளில் உபயோகம் எவ்வளவு மாறியது, அதே காலத்தில் ஏற்கெனவே மாற்றிவந்த பக்கத்துக் கவுண்டிகளில் எவ்வளவு மாறியது என்று ஒப்பிட்டார்கள். அந்த ஆண்டு வெயில் அதிகமா குறைவா என்பது இரு பக்கத்துக்கும் ஏறக்குறைய பொது என்பதால், மிஞ்சும் வித்தியாசம் கடிகாரத்தால் வந்தது என்று சொல்ல முடிந்தது.

மின்சாரம் மிச்சமாகவில்லை. வீட்டு உபயோகம் சுமார் 1 சதவீதம் கூடியிருந்தது. மாநிலக் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 90 லட்சம் டாலர் கூடுதல் செலவு.

விளக்குக்கான மின்சாரம் குறையத்தான் செய்தது. ஆனால் கடிகாரம் ஐந்து காட்டும்போது சூரியக் கணக்கில் மணி நான்குதான். வேலை முடிந்து வீடு திரும்புகிறவர் கொதிக்கும் வீட்டுக்குள் நுழைகிறார், ஏ.சி.யைப் போடுகிறார். இலையுதிர்காலத்தில் காலைப்பொழுது படுத்தியது. இருட்டும் குளிரும் விலகுமுன்பே எழ வேண்டியிருந்ததால் ஹீட்டர் ஓடியது. அந்தப் பருவத்தில்தான் உயர்வு மிக அதிகம், 2 முதல் 4 சதவீதம் வரை. விளக்கு மட்டுமே பெரிய செலவாக இருந்த காலத்துக் கணக்கு, ஏ.சி. வந்த வீட்டில் தலைகீழாகிவிட்டது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

இந்த ஆய்வு வீடுகளை மட்டுமே அளந்தது. அலுவலகங்களும் ஆலைகளும் அதில் இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை நாட்டின் மொத்த மின்தேவையைப் பார்த்து, 2007-ல் நீட்டிக்கப்பட்ட நான்கு வாரங்களில் நாளொன்றுக்குச் சுமார் 0.5 சதவீதம் மிச்சம் என்றது. ஆண்டு முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் அது வெறும் 0.03 சதவீதம். 44 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2018-ல் வெளியான அலசலில் சராசரி மிச்சம் 0.34 சதவீதம், அதுவும் கடிகாரம் மாறியிருக்கும் நாட்களுக்கு மட்டும். கோடைப் பகல் மிக நீளமாக இருக்கும் வடக்கு நாடுகளில் மிச்சம் சற்றுக் கூடுகிறது. வெப்பமண்டலத்தை ஒட்டிய பகுதிகளில் உபயோகம்தான் கூடுகிறது.