குட்வில்லுக்கு என்ன விலை?

தனி ஆளாக நடத்திய தொழிலைப் பிரைவேட் லிமிடெட் ஆக்குவதைப் பெயர்ப்பலகை மாற்றும் வேலை என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் நடப்பது ஒரு விற்பனை. புதிதாக ஒரு கம்பெனி பிறக்கிறது. முதலாளி தன் தொழிலை மொத்தமாக அதற்கு விற்கிறார். விற்பவரும் அவரே, வாங்கும் கம்பெனியை நடத்துபவரும் அவரே. விலையைக் குறைக்கச் சொல்லி வாதாட எதிரில் யாரும் இல்லை. சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

அந்த விலையைக் கணக்குப் புத்தகங்கள் கொள்முதல் மறுபயன் என்கின்றன. அதைப் போடும் விதத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பார்ப்போம். கோவையில் கிரைண்டர் தயாரிக்கும் சிறு பட்டறை. ஏட்டில் இயந்திரம் 30 லட்சம், சரக்கு 28 லட்சம், வரவேண்டிய பாக்கி 22 லட்சம், வங்கியில் 4 லட்சம். ஆனால் ஏட்டு மதிப்பில் யாரும் தொழிலை வாங்குவதில்லை. இயந்திரம் இன்றைய நிலையில் 40 லட்சம் பெறும் என்கிறார் மதிப்பீட்டாளர். சரக்கில் 2 லட்சத்துக்குப் பழைய மாடல் பாகங்கள் கிடக்கின்றன; பாக்கியில் 2 லட்சம் திரும்பி வராது. இரண்டையும் கழித்தால் மொத்தச் சொத்து 90 லட்சம். வங்கிக் கடனும் மூலப்பொருள் கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியதும் சேர்ந்து 40 லட்சம். மிஞ்சும் நிகர சொத்து 50 லட்சம்.

இது கண்ணுக்குத் தெரியும் பகுதி. பட்டறையின் பெயரைச் சொல்லியே கிரைண்டர் விற்கிறதே, அதற்கு விலை இல்லையா? உண்டு. அதுதான் குட்வில்; பாடநூல்களில் நற்பெயர்.

கடந்த மூன்றாண்டு லாபம் 15, 18, 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் உள்ள 18 லட்சத்தில் 2 லட்சம் காப்பீட்டுப் பணம். அது ஆண்டுதோறும் வராது என்பதால் தள்ளிவிட்டால் சராசரி 17 லட்சம். 50 லட்சத்தை இதே அளவு ரிஸ்க் உள்ள வேறு தொழிலில் போட்டால் 12 சதவீதம், அதாவது 6 லட்சம் கிடைக்கும் என்று கொள்வோம். மிச்சம் 11 லட்சம் கூடுதல் லாபம்; அதை மூன்றாண்டுக்குப் பெருக்கினால் குட்வில் 33 லட்சம். முதலாளிக்கு மனம் குளிரும்.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஆள் சம்பளமில்லாமல் வேலை பார்த்திருக்கிறார். முதலாளிதான். தனி உரிமையாளரின் ஏட்டில் அவர் எடுப்பது சம்பளமாக ஏறாது. நாளை கம்பெனியில் அவர் இயக்குநராகச் சம்பளம் வாங்குவார். அல்லது அந்த வேலைக்கு இன்னொருவரை வைக்க வேண்டும். ஆண்டுக்கு 8 லட்சம் என்று கழித்தால் கூடுதல் லாபம் 3 லட்சம். குட்வில் 9 லட்சம். தொழிலின் விலை 83 லட்சத்திலிருந்து 59 லட்சத்துக்கு இறங்கிவிடுகிறது. அந்த 24 லட்சம் பெயரின் மதிப்பல்ல, அவருடைய உழைப்பின் கூலி.

‘எல்லாம் என் கம்பெனிதானே, எந்த எண்ணாக இருந்தால் என்ன?’ என்று கேட்கலாம். தம்பி 41 லட்சம் ரொக்கம் போட்டுப் பங்காளியாக வரும்போது தெரியும். விலை 59 லட்சம் என்றால் அண்ணனுக்கு 59 சதவீதப் பங்கு. 83 லட்சம் என்றால் ஏறக்குறைய 67 சதவீதம். ஊதிய குட்வில்லின் செலவு தம்பி தலையில் விழுகிறது.

வெளியாரையும் அது தொடும். லண்டனில் தோல் செருப்பு வியாபாரம் செய்த ஏரன் சாலமன் 1892இல் தன் தொழிலை 39,000 பவுண்டுக்கு மேல் விலை வைத்துத் தன் கம்பெனிக்கே விற்றார். அதில் 10,000 பவுண்டைக் கடன் பத்திரமாக வாங்கிக்கொண்டார். கம்பெனி சீக்கிரமே நொடித்தது. 1896இல் பிரபுக்கள் சபை அவர் பக்கமே தீர்ப்பளித்தது. பிணையில்லாமல் கடன் கொடுத்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

இந்தியாவில் அவர் வழியில் போனால் வருமான வரி குறுக்கே நிற்கும். மூலதன லாப வரி இல்லாமல் தொழில் கைமாற வேண்டுமானால் சொத்து, கடன் எல்லாமே கம்பெனிக்குப் போக வேண்டும். விலை முழுவதும் பங்காகவே வர வேண்டும். வாக்குரிமையில் பாதிக்குக் குறையாமல் ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். நம் கணக்கில் பத்து ரூபாய்ப் பங்கு 5,90,000. இதில் 10 லட்சத்தை மட்டும் கம்பெனி தரவேண்டிய கடனாக எழுதிக்கொண்டாலும் சலுகை போய்விடும். ஐந்தாண்டுக்குள் பங்கு பாதிக்குக் கீழே இறங்கினால், முன்பு விட்டுக்கொடுத்த வரியை அந்த ஆண்டில் கம்பெனி கட்ட நேரும்.

குட்வில்லை ஏற்றி வைத்தால் தேய்மானம் காட்டி வரியைக் குறைக்கலாம் என்ற பழைய யோசனையும் இன்று செல்லாது. 2021 நிதிச் சட்டம் அந்த வாசலை அடைத்துவிட்டது. ரொக்கம் தராமல் பங்கு ஒதுக்குவதால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையும் கேட்பார்கள். அதில் அவர் முதலாளியின் சம்பளத்தைக் கழித்திருக்கிறாரா என்று தம்பி முதலில் பார்க்கட்டும்.