மூன்றாவது தோட்டா எங்கே போகிறது?

1957இல் அமெரிக்க ராணுவம் எம்-14 துப்பாக்கியை ஏற்றுக்கொண்டபோது அதன் மேல் பெரிய நம்பிக்கை இருந்தது. ஒவ்வொன்றாகவும் சுடலாம், விசையை அழுத்திப் பிடித்தால் தொடர்ந்தும் சுடலாம். ஆனால் படைவீரர்களுக்குக் கொடுக்கும்போது பெரும்பாலான எம்-14களில் தொடர் சுடுதல் இயங்காதபடி பூட்டி வைத்தார்கள்.

அரைத் தானியங்கியிலும் முழுத் தானியங்கியிலும் பாதி வேலை ஒன்றுதான். சுட்டபோது எழும் வாயுவோ பின்னுதைப்போ போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளும். அது காலிக் குப்பியை வெளியே எறிந்து, சுத்தியலை மடக்கிவிட்டு, ஸ்பிரிங்கின் விசையால் முன்னே வரும்போது அடுத்த தோட்டாவைக் குழாய்க்குள் ஏற்றும். வித்தியாசம் சுத்தியலில் இருக்கிறது. அரைத் தானியங்கியில், விரல் விசையை விடாதவரை ஒரு சிறு கொக்கி சுத்தியலைப் பிடித்துக்கொள்கிறது. விரலைத் தளர்த்தி மறுபடி அழுத்தினால்தான் அடுத்த வெடி. முழுத் தானியங்கியில் அந்தக் கொக்கி குறுக்கிடாது. போல்ட் முழுமையாக மூடியதும் இன்னொரு உறுப்பு சுத்தியலை விடுவித்துவிடும். விரல் அழுத்தியபடியே இருந்தால் வெடியும் தொடரும்.

எம்-14இன் வேகம் நிமிடத்துக்கு 700 தோட்டாக்களுக்கு மேல். அதன் மேகசினில் இருப்பதோ 20 தோட்டா. இரண்டு விநாடிக்குள் காலி. வேகத்தைவிடப் பெரிய சிக்கல் குழாயின் உயரத்தில் இருந்தது. பின்னுதைப்பு குழாயின் நேர்கோட்டில் வருகிறது. அதைத் தாங்கும் தோளோ அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறது. அதனால் ஒவ்வொரு வெடியும் துப்பாக்கியின் வாயை மேலே தூக்கும். இரு வெடிகளுக்கு இடைவெளி 0.09 விநாடிகூட இல்லை. ஏதோ தவறுகிறது என்று உணர்ந்து மனிதன் கையை அசைக்கவே ஏறத்தாழ 0.2 விநாடி ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு தோட்டாக்கள் போய்விடும்.

வாய் ஒரு பாகை மட்டும் உயர்ந்தால், 100 மீட்டரில் குறி சுமார் 1.75 மீட்டர் மேலே நகரும். மார்பைக் குறிவைத்தவனின் அடுத்த தோட்டா எதிரியின் தலைக்கு மேலே பறக்கும். பின்தண்டை நேராக்கி, முன்னே தாங்குகால் பொருத்திய எம்-14 வகையும் வந்தது. தோளில் தாங்கிச் சுடும் சாதாரண வீரனுக்கு அது விடையாகவில்லை.

பின்னர் வந்த எம்-16 சிறிய 5.56 மி.மீ. தோட்டாவைச் சுட்டது, பின்தண்டும் குழாயோடு ஒரே கோட்டில் இருந்தது. உதைப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனாலும் வியட்நாமில் வீரர்கள் பதற்றத்தில் குறியில்லாமல் தோட்டாவை இறைத்தார்கள். ஆகவே 1980களில் வந்த எம்-16ஏ2 ஒரே அழுத்தத்தில் மூன்று தோட்டாக்களோடு நின்றது. அதிலும் ஒரு குறை: இரண்டு சுட்டதும் விரலை எடுத்துவிட்டால், எண்ணும் பல்சக்கரம் பழைய நிலைக்குத் திரும்பாது, அடுத்த அழுத்தத்தில் ஒன்றே வெடிக்கும். பிற்பாடு அமெரிக்க ராணுவம் எம்-4ஏ1இல் தொடர் சுடுதலையே மீண்டும் கொண்டுவந்தது. எனினும் தொலைவில் குறிபார்த்துச் சுட வேண்டுமென்றால் இன்றும் ஒவ்வொன்றாகச் சுடுவதே நம்பகமான வழி.