ஏழு ஜிபி கோப்பில் ஓர் எண்ணைத் தேடினால்

ஜெப்கோ என்ற சர்வதேசத் திட்டம் கடல்தரையின் ஆழத்தையும் நிலத்தின் உயரத்தையும் உலகம் முழுமைக்கும் ஒரே கட்ட வரைபடமாக இலவசமாகத் தருகிறது. அதில் 43,200 வரிசைகள். வரிசைக்கு 86,400 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்று வெறும் எண்களாகச் சேமித்தால் கோப்பு சுமார் 746 கோடி பைட், அதாவது ஏழரை ஜிபி. 4 ஜிபி ரேம் உள்ள மடிக்கணினியில் இதை முழுதாக ஏற்ற முடியாது.

வழக்கமான வழி, வேண்டிய இடத்துக்கு நகர்ந்து `read` அழைப்பது. ஓரிரு புள்ளிகளுக்கு அது போதும். ஒரு கப்பலின் பாதையில் லட்சம் புள்ளிகளின் ஆழம் வேண்டுமென்றால், லட்சம் முறை இயங்குதளத்திடம் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் அது தரவை நிரலின் நினைவகத்துக்கு நகலெடுத்துத் தரும்.

`mmap` இந்த வேலையை வேறு விதமாகச் செய்கிறது. கோப்பு முழுவதற்கும் நிரலின் முகவரிகளில் இடம் ஒதுக்கப்படுகிறது. தரவு எதுவும் அப்போது படிக்கப்படுவதில்லை. நிரல் ஓர் எண்ணைத் தொட்டதும் அது இருக்கும் 4,096 பைட் பக்கத்தை இயங்குதளம் வட்டிலிருந்து கொண்டுவருகிறது. அக்கம்பக்கத்துப் பக்கங்களையும் சேர்த்தே எடுத்துவைப்பதுண்டு. அதே பக்கத்தை மறுபடி தொட்டால் இயங்குதளத்தை அழைக்கத் தேவையில்லை. ரேமில் இடம் குறைந்தால், மாற்றப்படாத பக்கங்களை அது தானே கைவிட்டுவிடும்.

பைத்தானில், தென்முனையிலிருந்து தொடங்கும் கோப்புக்கு:

```
import numpy as np
g = np.memmap("gebco.bin", dtype="<i2",
              mode="r", shape=(43200, 86400))
print(g[24328, 77421])
```

பாகைக்கு 240 புள்ளிகள். மரியானா அகழியில் வடக்கு 11.37, கிழக்கு 142.59 பாகையில் உள்ள இடம் 24,328ஆம் வரிசை, 77,421ஆம் பத்தி. கோப்பின் தொடக்கத்திலிருந்து அது 420,40,33,242 பைட் தள்ளி இருக்கிறது. இந்தக் கணக்கை நிரலர் போட வேண்டியதில்லை. சாதாரண அணிவரிசைபோல் எழுதினாலே விடை வரும்.

ஆனால் எந்தத் திசையில் படிக்கிறோம் என்பது முக்கியம். ஒரு வரிசை 1,72,800 பைட். கிழக்கு மேற்காகப் போனால் அதை 43 பக்கங்களில் முடித்துவிடலாம். வடக்கு தெற்காக ஒரு பத்தியைப் படித்தால் ஒவ்வொரு புள்ளியும் வேறொரு பக்கம்: 86 கேபி தரவுக்காகக் குறைந்தது 177 எம்பி வட்டிலிருந்து வர வேண்டும். நிரல் திடீரென மந்தமானால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. படித்துக்கொண்டிருக்கும்போதே வேறொரு நிரல் கோப்பைச் சுருக்கிவிட்டால், `read` குறைவான பைட்டுகளைத் தந்து சமாளிக்கும். `mmap` வைத்திருக்கும் நிரலோ, இல்லாத பக்கத்தைத் தொட்டதும் லினக்ஸில் `Bus error` என்று நின்றுபோகும். 32 பிட் நிரலுக்கு மொத்த முகவரியே 4 ஜிபிதான் என்பதால் இந்தக் கோப்பு அதில் அடங்காது.

கோப்பைத் தலையிலிருந்து வால்வரை ஒரே ஒருமுறை படிப்பதற்குப் பெரிய துண்டுகளாக `read` செய்வதே போதும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திரும்பத் திரும்பத் தொட வேண்டியிருந்தால் `mmap` கைகொடுக்கும்.