பேக்கரிக்கு ஈ, லைப்ரரிக்கு ஏ

பேக்கரி, பேட்டரி, லாட்டரி, மிலிட்டரி, டிக்‌ஷனரி, லைப்ரரி. தமிழில் எழுதினால் எல்லாமே ‘அரி’ என்று ஒரே மாதிரி முடிந்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் சிக்கல். கடைசி ஆர், ஒய் இரண்டுக்கும் முன்னால் வருவது ஏ-யா, ஈ-யா? முதல் மூன்றுக்கும் ஈ, அடுத்த மூன்றுக்கும் ஏ. காதை நம்பி எழுதினால் பாதி நேரம் தப்பாகிவிடும்.

இது நமக்கு மட்டும் உள்ள தொல்லை இல்லை. ஆங்கிலச் சொல்லில் ஓர் அசையில்தான் அழுத்தம் பலமாக விழும். அழுத்தம் இல்லாத இடத்து உயிரெழுத்து தேய்ந்து, எந்த எழுத்து என்றே தெரியாத ஒரு மங்கல் ஒலியாகிவிடும். பிரிட்டிஷ்காரர்கள் அதையும் விழுங்கி ‘செக்ரட்ரி’, ‘செமட்ரி’ என்று முடித்துவிடுகிறார்கள். அமெரிக்கர்கள் ‘செக்ரடெரி’, ‘செமெடெரி’ என்று நீட்டிச் சொன்னாலும், ஏ எழுத வேண்டிய சொல்லிலும் ஈ எழுத வேண்டிய சொல்லிலும் அதே ‘எரி’தான் கேட்கிறது. ஸ்டீவன் கிங் 1983-ல் வெளியிட்ட திகில் நாவலின் தலைப்பில் செமட்டரி என்ற சொல் வேண்டுமென்றே பிழையாக இருக்கிறது. செல்லப்பிராணிகளைப் புதைக்கும் இடத்தில் குழந்தைகள் எழுதி வைத்த பலகை அது. எஸ்-ஸில் தொடங்கி, ஆர்-ஒய்க்கு முன் ஏ போட்டு முடித்திருப்பார்கள்.

தேய்ந்துபோன எழுத்தைக் கண்டுபிடிக்க நல்ல வழி, அதே குடும்பத்தில் அழுத்தம் இடம் மாறிய இன்னொரு சொல்லைத் தேடுவது. லைப்ரரி என்னும்போது ஒன்றும் தெரியாது. லைப்ரேரியன் என்று சொல்லிப் பாருங்கள், ‘ஏ’ தன் பெயரையே சொல்லிக்கொண்டு வெளியே வரும். செக்ரடரிக்கு செகரட்டேரியட் இருக்கிறது. வெட்டினரிக்கு வெட்டினேரியன். மறுபக்கம், மிஸ்டரி ஏ-யா ஈ-யா என்ற சந்தேகத்தை மிஸ்டீரியஸ் தீர்த்துவிடும். ரத்தக்குழாயான ஆர்ட்டரிக்கு ஆர்ட்டீரியல், அதாவது நகரத்தின் பெரிய சாலைகளைப் பற்றிப் பேசும்போது அதிகாரிகள் சொல்கிற அதே சொல். ஏ, ஈ என்ற எழுத்தின் பெயரும் அது ஒலிக்கும் விதமும் இங்கே ஒன்றாகவே இருப்பதால் தமிழ்க் காதுக்கு இந்தச் சோதனை நன்றாகவே வேலை செய்யும். ஒரே எச்சரிக்கை: வாலண்டரிக்கு வாலண்டியரைத் துணைக்கு அழைக்காதீர்கள். வாலண்டியரில் இருப்பது இரண்டு ஈ, வாலண்டரியில் வருவதோ ஏ.

எல்லாச் சொல்லுக்கும் இப்படி உறவினர் கிடைக்க மாட்டார்கள். அப்போது சொல்லை உரித்துப் பார்க்க வேண்டும். கடைசி ஒய்யை எடுத்துவிட்டால் தொழில் செய்கிற ஆள் மிஞ்சுகிறாரா? பேக்கரியில் பேக்கர், பாட்டரியில் பானை வனையும் பாட்டர், ராபரியில் திருடும் ராபர். இவர்கள் பெயர் ஈ-ஆர் என்று முடிவதால் பின்னால் ஒய் ஒட்டினாலும் ஈ மாறாது. பர்க்ளரிக்கு மட்டும் ஏன் ஏ என்று கேட்டால், வீடு புகுந்து திருடும் அந்த பர்க்ளரின் பெயரே ஏ-ஆர் என்றுதான் முடிகிறது. இரண்டு திருடர்களுக்கும் ஒரே விதிதான்.

டிக்‌ஷனரியை உரித்தால் டிக்‌ஷனர் என்று ஓர் ஆள் வருவாரா? வர மாட்டார். டிக்‌ஷன்தான் நிற்கும். ‘ஷன்’ என்று முடியும் சொல்லோடு சேரும்போது வழக்கமாக ஏ-தான் வரும். ரெவல்யூஷனரி, மிஷனரி, விஷனரி எல்லாம் அப்படித்தான். இந்தக் கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் இரண்டு சொற்கள் கன்ஃபெக்‌ஷனரியும், கடைத்தெருவில் கண்ணில் படும் ஸ்டேஷனரியும்.

ஸ்டேஷனரி ஒலியில் ஒன்று, எழுத்தில் இரண்டு. ஏ போட்டால் நகராமல் ஒரே இடத்தில் நிற்பது. ஈ போட்டால் பேனா, நோட்டு, கவர். இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவைதான். இடைக்கால ஐரோப்பாவில் தெருத்தெருவாக அலைந்து விற்றவர்களுக்கு நடுவே, ஒரே இடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவரை லத்தீனில் ஸ்டேஷனாரியஸ் என்றார்கள். அது ஆங்கிலத்தில் ஸ்டேஷனர் ஆனது. லண்டனில் அவர்களுடைய சங்கத்துக்கு 1557-லேயே அரச சாசனம் கிடைத்தது. அந்த ஸ்டேஷனர் விற்கும் சரக்கு என்பதால்தான் ஸ்டேஷனரியில் ஈ. மிட்டாய் செய்யும் கன்ஃபெக்‌ஷனருக்கும் இதே கதை. கடைப் பலகை எழுதுகிறவருக்கு இவ்வளவு வரலாறு வேண்டாம். பேப்பர், லெட்டர் இரண்டும் ஈ-ஆரில் முடிகின்றன, அவற்றை விற்கிற ஸ்டேஷனரும் ஈ-ஆர்தான் என்று நினைவு வைத்தால் போதும். நம் ஊரில் பல பலகைகள் ஏ போட்டு, நகராத கடை என்று அறிவித்துக்கொண்டு நிற்கின்றன. பொய் ஒன்றும் இல்லை, கடை நகரவில்லைதான்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று அதன் தன்மையைச் சொல்லும் சொற்களுக்கு அவ்வளவு யோசிக்க வேண்டியதில்லை. ஆர்டினரி பஸ், டெம்பரரி வேலை, ஹையர் செகண்டரி பள்ளி எல்லாவற்றிலும் ஏ. வாட்டரி, ஸ்லிப்பரி போல ஈ-ஆரில் முடியும் சொல்லோடு ஒய் ஒட்டியவை மட்டும் விலக்கு.

இனி செமட்டரி. இதற்கு உறவினரும் இல்லை, உரித்தால் ஆளும் இல்லை. கிரேக்கத்தில் உறங்கும் இடத்தைக் குறித்த கொய்மேத்தேரியோன் லத்தீன் வழியாக வந்தது; அந்தத் ‘தே’தான் ஈ-யாக மிஞ்சியிருக்கிறது. ஆங்கிலேயர் இதில் மூன்று ஈ இருப்பதை எண்ணி மனப்பாடம் செய்வார்கள். நமக்கு அதைவிட நல்ல வழி ஒன்று தமிழே தருகிறது: ஈ மொய்க்கும் இடம். இனிப்புக் கடையான கன்ஃபெக்‌ஷனரி, பேக்கரி, மளிகைக்கடையான கிராசரி, மீன் பிடிக்கும் ஃபிஷரி, சாராயம் வடிக்கும் டிஸ்டில்லரி, கடைசியில் செமட்டரி. ஈ பரப்பும் வயிற்றுக்கடுப்பான டிசென்ட்ரியிலும் ஈ-தான், அதுவும் இரண்டு. ஆனால் இதை விதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தேனீ வளர்க்கும் ஏபியரியில் ஈ கூட்டங்கூட்டமாக இருந்தும் எழுத்து ஏ. பறவைகளை வைக்கும் ஏவியரி, தானியம் சேர்க்கும் கிரானரி, மருந்து தரும் டிஸ்பென்சரி ஆகியவையும் ஏ-தான். லத்தீனில் ‘ஆரியம்’ என்று முடிந்து, ஒரு பொருளை வைத்துக் காக்கும் இடத்தைக் குறிக்கும் குடும்பத்தின் வடிவங்கள் இவை. அக்வேரியத்தில் அந்த ஏ இன்னும் தெளிவாகக் கேட்கிறது.

துறவிகள் தங்கும் மானஸ்டரி ஈ கூட்டத்தைச் சேர்ந்தது; அதுவும் கிரேக்கத்திலிருந்து வந்ததே. தேர்ச்சியைச் சொல்லும் மாஸ்டரி நமக்குத் தெரியும்: மாஸ்டரோடு ஒய், எனவே ஈ. அதன் முதல் எழுத்தான எம்முக்குப் பின்னால் ஓ, என் என்ற இரண்டு எழுத்துகளைச் செருகுங்கள். அப்படியே மானஸ்டரி வந்துவிடும்.

செமட்டரியில் ஏ போட்டால் கணினி உடனே சிவப்புக் கோடு போட்டுவிடும். ஸ்டேஷனரியில் அப்படி நம்பி இருக்க முடியாது. இரண்டு வடிவமும் அகராதியில் இருப்பதால், சொல்லை மட்டும் சரிபார்க்கும் கருவி எதைப் போட்டாலும் பேசாமல் விட்டுவிடும். நேரம் குறைவாக இருந்து ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வதென்றால், இந்த ஜோடியைச் செய்துகொள்வதே கெட்டிக்காரத்தனம்.