கனவு இல்லம் எத்தனை சதுர அடி?

“வேளச்சேரியின் மையத்தில் கனவு இல்லம்! மிக விசாலமான, காற்றோட்டமான 2 படுக்கையறை ஃபிளாட். 1,050 சதுர அடி. 24 மணி நேரமும் தண்ணீர். ரயில் நிலையம் மிக அருகில். அரிய வாய்ப்பு!”

சென்னையில் பழைய ஃபிளாட்டை விற்பவர்கள் கொடுக்கும் விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். மாதிரிக்காக எழுதப்பட்ட இந்த விளம்பரத்தில் சரிபார்க்கக்கூடிய தகவல்கள் இரண்டே: படுக்கையறைகளின் எண்ணிக்கை, பரப்பளவு. மற்றவை எதிர்வீட்டு விளம்பரத்தில் ஒட்டினாலும் பொருந்தும். அப்படிப் பொருந்தும் வரிகளை அடித்துவிட்டு, அந்த இடத்தில் இந்த வீட்டுக்கு மட்டும் உரியதை எழுதுவதே திருத்தத்தின் வேலை.

முதலில் பரப்பளவு. 1,050 என்பது படிக்கட்டு, நடைவழி போன்ற பொது இடங்களில் இந்த வீட்டுக்குரிய பங்கையும் சேர்த்த கணக்கு. வாங்குபவருக்குப் பாய் விரிக்கக் கிடைப்பது கார்ப்பெட் ஏரியா. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இதற்கு வரையறை தந்திருக்கிறது: உள்ளே உள்ள தடுப்புச் சுவர்கள் கணக்கில் சேரும், வெளிச்சுவரும் பால்கனியும் சேராது. மாதிரி வீட்டில் அது 690 சதுர அடி என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு எண்களையும் சொல்லிவிட்டால், வீட்டைப் பார்க்க வந்தவர் “இதுவா ஆயிரம் சதுர அடி?” என்று முகம் சுளிக்க இடமிருக்காது. “விசாலமான” என்ற சொல்லுக்குப் பதில் “கூடம் 17க்கு 11 அடி” என்று எழுதினால், தன் சோஃபாவும் சாப்பாட்டு மேசையும் சேர்ந்து அதில் அடங்குமா என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

மனையில் பிரிபடாத பங்கு, தரகர்கள் சொல்லும் யுடிஎஸ், கட்டாயம் வேண்டும். கட்டடம் பழையதாக ஆக விலையைத் தாங்கி நிற்பது அந்த நிலப் பங்குதான். பின்னாளில் இடித்துக் கட்டும்போதும் பேச்சு அதிலிருந்தே தொடங்கும். இதைச் சொல்லாத விளம்பரத்தைப் பார்த்தால் அனுபவமுள்ளவர் போன் செய்து கேட்கும் முதல் கேள்வியும் இதுவே.

“காற்றோட்டமான” என்பதற்கு ஆதாரம் ஜன்னலில் இருக்கிறது. அது எந்தத் திசையில் திறக்கிறது, அடுத்த கட்டடம் எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்ற இரண்டும் போதும். சென்னையில் கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கு, தென்கிழக்குப் பக்கமிருந்து வருவதால் அந்தப் பக்கச் ஜன்னலுக்கு மதிப்பு அதிகம். ஐந்தடி தள்ளிப் பக்கத்து வீட்டுச் சுவர் நின்றால் அதையும் எழுதிவிடுவது நல்லது. படத்தில் மறைத்தாலும் நேரில் மறைக்க முடியாது.

தண்ணீர் விஷயத்தில் “24 மணி நேரம்” என்பது மாடித் தொட்டியைப் பற்றிய செய்தி. அந்தத் தொட்டி எதனால் நிறைகிறது என்பதே வாங்குபவரின் கவலை: மெட்ரோ வாட்டரா, போர் தண்ணீரா, மே மாதத்தில் லாரியா? வேளச்சேரி என்றால் எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி எழும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தத் தெருவில் தண்ணீர் எவ்வளவு நின்றது? விளம்பரம் பேசாமல் இருந்தாலும் எதிர்க்கடைக்காரர் சொல்லிவிடுவார்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் விளம்பரம் இப்படி மாறும்:

“வேளச்சேரி. 2009இல் கட்டிய 12 வீட்டுக் கட்டடம். தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி. இந்த வீடு 2ஆம் மாடி, லிஃப்ட் இல்லை. கார்ப்பெட் ஏரியா 690 ச.அடி, பொது இடப் பங்கு சேர்த்து 1,050, யுடிஎஸ் 650. கூடம் 17×11, படுக்கையறைகள் 13×11, 11×10. கூடத்து ஜன்னல் கிழக்கே தெருவைப் பார்க்கும். சிறிய அறை ஜன்னலுக்கு எதிரே 5 அடியில் பக்கத்துக் கட்டடம். மெட்ரோ வாட்டர், போர் இரண்டும் உண்டு. கோடையில் லாரித் தண்ணீர் வாங்க நேரும். 2015 வெள்ளத்தில் கார் நிறுத்தத்தில் முழங்கால் அளவு தண்ணீர், வீடுகளுக்குள் வரவில்லை. கூரையுள்ள கார் இடம் ஒன்று. பறக்கும் ரயில் நிலையம் 850 மீட்டர், நடந்தால் 11 நிமிடம்.”

இதில் லிஃப்ட் இல்லாததைச் சொல்லத்தான் விற்பவர்கள் மிகவும் தயங்குவார்கள். ஆனால் முழங்கால் வலியுள்ள பெற்றோரோடு வருபவர் படியைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். அவரை வரவழைத்ததில் இருவருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் வீண். மூன்றாம் மாடிக்கு மேல் உள்ள மொட்டை மாடியின் சூடு இந்த வீட்டுக்கு நேராக இறங்காது என்பதோ சொல்ல மறந்துபோகும் நல்ல செய்தி. அதையும் ஒரு வரியில் சேர்க்கலாம்.

கட்டுநர் விற்கும் புதிய வீடுகளில் இது விருப்பத்தைப் பொறுத்ததல்ல. பதிவு செய்ய வேண்டிய திட்டங்களின் விளம்பரத்தில் ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். விளம்பரத்தில் சொன்ன பொய்யை நம்பி முன்பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு கேட்கும் உரிமையை அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு தருகிறது. அங்கே “ஆடம்பரம்” என்ற சொல்லை வைத்து வழக்காடுவது கடினம். 690 என்ற எண்ணை நாடா பிடித்து அளந்துவிடலாம்.